மாத்திரையில் பால் சர்க்கரை: பாட்டிக்கு ஒரு பதில், பேரனுக்கு வேறு பதில்

வாசகர் கடிதம்

வணக்கம். எனக்கு வயது 58, ஈசூனில் மகள் குடும்பத்தோடு இருக்கிறேன். சின்ன வயதிலிருந்தே பால் குடித்தால் வயிறு உப்பி, பேதியாகிவிடும். தயிர், மோர் ஒத்துக்கொள்ளும். கடையில் எப்போதாவது ஒரு தே சி குடிப்பேன், அதுவும் ஒன்றும் செய்யாது. ரத்த அழுத்தத்துக்கு லோசார்டான், கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாடின் இரண்டு வருடமாகச் சாப்பிடுகிறேன். மூன்று மாதத்துக்கு முன் நீரிழிவு என்று மெட்ஃபார்மின் 500 கொடுத்தார்கள். போன மாதம் அதை 850 ஆக்கினார்கள். அப்போதிலிருந்து வயிற்றுப்போக்கு. மகள் மருந்துப் பெட்டியில் உள்ள தாளைப் படித்துவிட்டு, அட்டோர்வாஸ்டாடினிலும் லோசார்டானிலும் லாக்டோஸ் இருக்கிறது, பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் சாப்பிடக் கூடாது என்று போட்டிருக்கிறது என்றாள். பயந்துபோய் மூன்று மாத்திரையையும் நிறுத்திவிட்டேன். இரண்டு வாரமாகிறது, வயிறு சரியாகிவிட்டது. லாக்டோஸ் இல்லாத மாத்திரை கேட்டு வாங்க முடியுமா?

மூன்று வயதுப் பேரனுக்கும் என் பிரச்சினைதான். ஒருமுறை தயிர் சாதம் ஊட்டியதும் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்துவிட்டது. பால் அலர்ஜி என்று மருத்துவமனையில் சொன்னார்கள். நான் குடிக்கிற லாக்டோஸ் இல்லாத பாலை அவனுக்கும் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். இளைப்புக்கு அவனுக்கு பஃப் மருந்து உண்டு, அதில் பால் சர்க்கரை இருக்குமா? இருமல் சிரப்பில் ஆல்கஹாலும் சாயமும் இருப்பதாகச் சொல்கிறார்களே, அதையும் சொல்லுங்கள்.

மருந்தாளரின் பதில்

அம்மா, பேரன் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அது காத்திருக்க முடியாதது. லாக்டோஸ் இல்லாத பாலை அவனுக்குக் கொடுக்காதீர்கள். ஒரு கரண்டிகூட வேண்டாம். இதற்கு முன்பே கொடுத்துப் பார்த்து ஒன்றும் ஆகவில்லை என்றாலும், நீங்களாக மறுபடி கொடுக்க வேண்டாம்.

உங்களுக்கு இருப்பதும் அவனுக்கு இருப்பதும் ஒன்றல்ல. பாலில் சர்க்கரையும் இருக்கிறது, புரதமும் இருக்கிறது. லாக்டோஸ் என்பது சர்க்கரை. அதை உடைக்கும் லாக்டேஸ் என்ற நொதி, ஆசியர்களில் பெரும்பாலோருக்கு வளர வளரக் குறைந்துவிடும். உடையாத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள கிருமிகள் அதைப் புளிக்க வைப்பதால்தான் காற்றும் பேதியும். தொல்லைதான், ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை. பேரனுக்கு வந்தது அப்படியில்லை. அவன் உடம்பு கேசீன், வே போன்ற பால் புரதங்களை எதிரியாக எடுத்துக்கொள்கிறது. உதடு வீங்குவது, தடிப்பது, மூச்சு இரைப்பது, வாந்தி எல்லாம் சில நிமிடங்களிலேயே தொடங்கலாம், மிகச் சிறிய அளவே போதும்.

லாக்டோஸ் இல்லாத பாலில் சர்க்கரையை மட்டும்தான் உடைத்து வைத்திருக்கிறார்கள். சாதாரணப் பாலில் லாக்டேஸ் நொதியைச் சேர்த்து அதைச் செய்கிறார்கள், அவ்வளவுதான். புரதம் ஒரு துளியும் குறையாமல் அப்படியே இருக்கிறது. தயிர் உங்களுக்கு ஒத்துக்கொண்டு அவனுக்கு உதட்டை வீங்க வைத்ததும் இதனால்தான். தயிராகும்போது லாக்டோஸ் குறைகிறது, புரதம் போவதில்லை. பாலுக்குப் பதிலாக என்ன கொடுக்கலாம் என்பதை அவனைப் பார்க்கும் மருத்துவரிடம் கேளுங்கள். பால் அலர்ஜி பல குழந்தைகளுக்கு வளர்ந்த பிறகு போய்விடுவது உண்மை. ஆனால் போய்விட்டதா என்று பார்க்க வேண்டிய இடம் மருத்துவமனை, வீட்டு அடுப்படி அல்ல.

உங்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தப் பாலில் லாக்டோஸ் குளுக்கோஸாகவும் கேலக்டோஸாகவும் உடைந்துதான் இருக்கிறது, வெளியே எடுக்கப்படவில்லை. 250 மில்லி கோப்பையில் சர்க்கரை கிட்டத்தட்ட 12 கிராம் அப்படியே உண்டு. நீரிழிவு இருக்கும்போது அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மாத்திரையில் எவ்வளவு லாக்டோஸ்?

இனி உங்கள் மாத்திரைகளுக்கு வருவோம். மருந்தின் அளவு சில மில்லிகிராம்தான் என்றால் அதைக் கையில் எடுக்கக்கூட முடியாது. அதனால் மாத்திரைக்கு உருவம் கொடுக்க ஏதாவது ஒரு பொடியைச் சேர்க்க வேண்டும். லாக்டோஸ் மலிவு, நன்றாக அழுத்தி உருவாக்க வரும், மருந்தோடு வினை புரிவதும் குறைவு. அதனால்தான் இத்தனை மாத்திரைகளில் அது இருக்கிறது. ஒரு மாத்திரையில் பெரும்பாலும் சில பத்து மில்லிகிராமிலிருந்து இருநூறு மில்லிகிராம் வரை இருக்கும்.

உங்கள் இரண்டு மாத்திரைக்கும் தாராளமாகவே தலா 100 என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம். கோப்பைப் பாலில் இருக்கும் 12 கிராம் என்பது 12,000 மில்லிகிராம். அப்படியானால் உங்கள் இரண்டு மாத்திரையும் சேர்ந்து சுமார் 4 மில்லி பாலுக்குச் சமம், ஒரு தேக்கரண்டிகூட இல்லை. லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்களிலும் பலர் ஒரே வேளையில் 12 கிராம் வரை பெரிய தொல்லையில்லாமல் தாங்குகிறார்கள் என்று ஆய்வுகள் சொல்கின்றன. கடையில் குடிக்கும் தே சியில் ஊற்றும் ஆவியாக்கிய பாலிலேயே இரண்டு மூன்று கிராம் லாக்டோஸ் இருக்கும். அது ஒன்றும் செய்வதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பத்து மடங்குக்கு மேல் தாங்கும் வயிறு, மாத்திரையில் இருப்பதற்கு மட்டும் பேதியாகாது.

மகள் படித்த வரி எது என்று எனக்குத் தெரியும், அது பலரையும் பயமுறுத்தும் வரி. லாக்டோஸ் உள்ள மருந்துகளின் தாளில், கேலக்டோஸ் ஒத்துக்கொள்ளாமை, முழுமையான லாக்டேஸ் குறைபாடு, குளுக்கோஸ்-கேலக்டோஸ் உறிஞ்சாமை ஆகிய அரிய பரம்பரைக் கோளாறு உள்ளவர்கள் இதைச் சாப்பிடக் கூடாது என்று இருக்கும். அதில் ‘அரிய’, ‘பரம்பரை’ என்ற இரண்டு சொற்களையும் விட்டுவிட்டுப் படித்தால் ஊரில் பாதிப் பேருக்குப் பொருந்துவதுபோல் தெரியும். அவை பிறவியிலேயே வரும் கோளாறுகள், பெரும்பாலும் கைக்குழந்தையாக இருக்கும்போதே தாய்ப்பால் ஒத்துக்கொள்ளாமல் வெளிப்பட்டுவிடும். வளர்ந்த பிறகு பால் ஒத்துக்கொள்ளாமல் போவது அந்த வகை அல்ல. மகள் தாளை எடுத்துப் படித்தது மிக நல்ல காரியம். படித்ததை ஒரு மருந்தாளரிடம் கேட்டிருந்தால் இந்த இரண்டு வாரம் மாத்திரை இல்லாமல் போயிருக்காது.

அப்படியானால் வயிற்றைக் கெடுத்தது எது?

விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. லாக்டோஸ் உள்ள இரண்டு மாத்திரைகளையும் இரண்டு வருடமாகச் சாப்பிடுகிறீர்கள், வயிறு கெடவில்லை. மெட்ஃபார்மினை 500லிருந்து 850 ஆக்கியதும் தொடங்கியது. பெரும்பாலான மெட்ஃபார்மின் மாத்திரைகளில் லாக்டோஸே கிடையாது. அந்த மருந்தே வயிற்றுப்போக்கு, குமட்டல், வயிறு உப்புதல் ஆகியவற்றை உண்டாக்கும். இது அடிக்கடி பார்ப்பது, அதிலும் அளவைக் கூட்டும்போது. குடல் சுவரில் அது நிறையத் தங்கி, பித்த உப்புகள் திரும்ப உறிஞ்சப்படுவதைக் குறைப்பது ஒரு காரணம். மூன்றையும் ஒன்றாக நிறுத்தியதால் குற்றவாளி எது என்று உங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது.

வயிற்றுப்போக்கு கடுமையாக இருந்து உடம்பில் நீர் வற்றும் நிலையில் மெட்ஃபார்மினைச் சில நாள் நிறுத்தச் சொல்வது வழக்கம்தான். ஆகவே அதை நிறுத்தியதைப் பெரிய தவறாக நான் பார்க்கவில்லை. எனக்குக் கவலையெல்லாம் மற்ற இரண்டையும் சேர்த்து நிறுத்தியதுதான். ரத்த அழுத்தம் ஏறினாலும் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. வயிறு நன்றாக இருப்பதால் உடம்பும் நன்றாக இருப்பதாகத் தோன்றும்.

நாளையே பாலிகிளினிக்கைக் கூப்பிட்டு, இரண்டு வாரமாக மூன்று மருந்தும் சாப்பிடவில்லை, காரணம் இது என்று சொல்லுங்கள். அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அவர்கள் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பார்கள், தேவையென்றால் சிறுநீரக ரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். பிறகு இப்படி ஒரு வரிசையில் தொடங்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

முதலில் லோசார்டானும் அட்டோர்வாஸ்டாடினும் மட்டும் ஒரு வாரம். வயிறு அசையாமல் இருந்தால் லாக்டோஸ் மேல் பழி இல்லை என்பதை நீங்களே கண்ணால் பார்த்துவிடுவீர்கள். அதன்பின் மெட்ஃபார்மின் 500 ஒரு வேளை, இரவுச் சாப்பாட்டின் நடுவிலோ சாப்பிட்டு முடித்த உடனேயோ. ஒரு வாரம் தாங்கினால் இன்னொரு வேளை. அப்புறமும் வயிறு தாங்கவில்லை என்றால், மெதுவாகக் கரையும் வகை மெட்ஃபார்மினுக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். அது பலருக்கு வயிற்றைக் குறைவாகவே தொந்தரவு செய்யும். அதை உடைக்கவோ மெல்லவோ கூடாது, முழுதாக விழுங்க வேண்டும். சில சமயம் அதன் வெற்றுக் கூடு மலத்தோடு வெளியே வரும். மருந்து உள்ளே இறங்கிவிட்டது, கூடு மட்டும்தான் வருகிறது, பயப்பட வேண்டாம்.

லாக்டோஸ் இல்லாத மாத்திரை கிடைக்குமா என்று கேட்டீர்கள். சில மருந்துகளுக்குக் கிடைக்கும், ஏனென்றால் நிறுவனத்துக்கு நிறுவனம் சேர்மானம் மாறும். ஆனால் உங்களுக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. தேடிப்போய், பாலிகிளினிக்கில் மானிய விலையில் கிடைப்பதை விட்டுவிட்டு வெளியில் கூடுதல் பணம் கொடுத்து வாங்குவீர்கள், வயிற்றுப்போக்கு அப்படியே இருக்கும்.

ஒரு விஷயத்தை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நீரிழிவு வந்த பிறகு சர்க்கரையில்லாத மிட்டாய், சூயிங்கம், சர்க்கரையில்லாத இருமல் சிரப் என்று ஏதாவது பழகியிருக்கிறீர்களா? அவற்றில் இனிப்புக்குச் சார்பிடால் அல்லது மால்டிடால் சேர்ப்பார்கள். இவை சரியாக உறிஞ்சப்படாமல் குடலில் நீரை இழுக்கும், சில கிராம் போனாலே சிலருக்கு வயிறு இளகும். மாத்திரையில் உள்ள லாக்டோஸை விட இதைச் சந்தேகிப்பது நியாயம். மலத்தில் ரத்தம், இரவில் தூக்கத்தை எழுப்பும் பேதி, காரணமில்லாமல் எடை குறைவது இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது. உடனே மருத்துவரைப் பாருங்கள்.

பேரனுக்கு எந்த மருந்தில் கவனம்?

மருந்துக்கான லாக்டோஸைப் பாலிலிருந்துதான் பிரித்தெடுக்கிறார்கள். நன்றாகச் சுத்தம் செய்தாலும் மிக நுண்ணிய அளவில் பால் புரதம் ஒட்டிக்கொண்டிருக்க வாய்ப்புண்டு. வாய்வழியாக விழுங்கும் மாத்திரையில் இதனால் அலர்ஜி வருவது மிக அரிது. நுரையீரலுக்கோ ரத்தத்துக்கோ நேராகப் போகும் மருந்தில்தான் இது பெரிதாகிறது.

அவனுடைய பஃப் மருந்து, நீண்ட பிளாஸ்டிக் குழாயில் பொருத்தி அழுத்துகிற வகையாக இருந்தால் கவலை இல்லை. அந்த அழுத்தக் குப்பிகளில் லாக்டோஸ் கிடையாது, இந்த வயதுக் குழந்தைகளுக்குக் கொடுப்பதும் அதைத்தான். கொஞ்சம் பெரியவனானதும், உறிஞ்சி இழுக்கும் பொடி வகைக்கு மாற்றும் பேச்சு வரலாம். அந்தப் பொடியில் மருந்து மைக்ரோகிராம் கணக்கில் இருக்க, மிச்சமெல்லாம் பெரும்பாலும் லாக்டோஸ். கடுமையான பால் புரத அலர்ஜி உள்ளவர்களுக்குத் தரக் கூடாது என்று சில பொடி மருந்துகளின் தாளிலேயே எழுதியிருக்கிறது. அன்றைக்கு யாராவது மறந்தால் நீங்கள் நினைவூட்ட வேண்டும்.

இன்னொன்று ஊசி. மெதில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு ஊசியின் 40 மில்லிகிராம் குப்பிகள் சிலவற்றில் பாலிலிருந்து எடுத்த லாக்டோஸ் இருக்கிறது. அந்த ஊசி எதற்குப் போடுவது? கடுமையான அலர்ஜிக்கும் இளைப்புக்கும். பால் அலர்ஜி உள்ள ஒருவருக்கு அதைப் போட்டு நிலைமை மோசமானால், நோய் முற்றுகிறது என்று எண்ணி மறுபடி அதையே போட்டுவிட வாய்ப்பிருக்கிறது. இதனால்தான் 2017ல் ஐரோப்பிய மருந்து முகமை, பசும்பால் அலர்ஜி உள்ளவர்களுக்கோ, இருக்கலாம் என்று சந்தேகம் உள்ளவர்களுக்கோ அந்த வகைக் குப்பியைப் பயன்படுத்தக் கூடாது என்று அறிவித்தது. லாக்டோஸ் இல்லாத குப்பிகளும் உண்டு. அவசரப் பிரிவுக்குப் போனால் இளைப்பைச் சொல்லும் அதே மூச்சில் பால் அலர்ஜியையும் சொல்லிவிடுங்கள்.

மருந்தென்றே நாம் நினைக்காத இரண்டும் உண்டு. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் நல்ல பாக்டீரியா பொட்டலங்கள் சிலவற்றில் பால் புரதம் இருக்கும். பல் மருத்துவர் பல்லை உறுதியாக்கப் பூசும் சில பசைகள் பாலின் கேசீனிலிருந்தே செய்யப்படுபவை. வாங்கும் முன் கேளுங்கள். பிறகு, உங்களுக்கு மகள் வாங்கிக் கொடுத்த லாக்டேஸ் மாத்திரை வீட்டில் இருந்தால், அதை அவனுக்குக் கொடுத்துவிட்டுப் பால் கொடுக்கலாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அது சர்க்கரையைத்தான் உடைக்கும்.

ஆல்கஹால், சாயம், கோதுமை

சில மருந்துகள் தண்ணீரில் கரையாது, அதற்காகச் சில சிரப்புகளில் ஆல்கஹால் சேர்ப்பார்கள். 5 சதவீதம் உள்ள சிரப்பில் 10 மில்லி குடித்தால் உள்ளே போவது சுமார் 0.4 கிராம். பெரியவர்களுக்கு அது போதை தராது. ஆனால் சிறு குழந்தைக்கும், கர்ப்பிணிக்கும், ஈரல் நோய் உள்ளவருக்கும், குடியை விட்டவருக்கும், மெட்ரோனிடசோல் சாப்பிடுபவருக்கும், சமயக் காரணத்தால் வேண்டாம் என்பவருக்கும் ஆல்கஹால் இல்லாததையே எடுத்துக் கொடுப்போம். அப்படிப்பட்டவை நிறைய இருக்கின்றன, கேட்டால் போதும். உங்கள் பேரனுக்கு, பெரியவர்களின் இருமல் சிரப்பை அளவைக் குறைத்துக் கொடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் ஆல்கஹாலை விட அதிலுள்ள மருந்துதான் எனக்குப் பயம்.

சாயத்தில் அதிகம் பேசப்படுவது மஞ்சள் நிறத்துக்கான டார்ட்ரசின். ஒரு சிலருக்கு அது தடிப்பையோ இளைப்பையோ கிளப்பலாம், அதிலும் ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு. ஆனால் காய்ச்சலில் இருக்கும் குழந்தைக்குச் சிரப் கொடுத்த மறுநாள் உடம்பில் தடிப்பு வந்தால், பெரும்பாலும் அது வைரஸ் காய்ச்சலின் தடிப்பு. சந்தேகம் வந்தால் புட்டியைத் தூக்கிப் போடாதீர்கள், தடிப்பைப் படம் பிடித்துப் புட்டியோடு கொண்டுவாருங்கள். சேர்மானத்தைப் பார்க்காமல் சாயம்தான் என்று யாராலும் சொல்ல முடியாது.

கோதுமையை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பலர் கேட்பது. மாத்திரைகளில் பெரும்பாலும் சோளம் அல்லது உருளைக்கிழங்கு மாவுச்சத்துதான். கோதுமை மாவுச்சத்து இருந்தாலும் அதிலுள்ள குளூட்டன் மிகக் குறைவு. குளூட்டன் குடலைப் பாதிக்கும் சீலியாக் நோய் உள்ளவர் மருந்தாளரிடம் ஒருமுறை கேட்டுவிட்டுச் சாப்பிடலாம்.

கவுன்டரில் என்ன சொல்வது?

“எனக்குப் பால் அலர்ஜி” என்று நீங்கள் சொன்னால் அது அலர்ஜி என்றே பதிவாகிவிடலாம். தேசிய மின்னியல் சுகாதாரப் பதிவில் ஏறினால் மற்ற மருத்துவமனைகளும் அதைப் பார்த்து, உங்களுக்குத் தேவையான மருந்தைக்கூடத் தயங்கித் தவிர்ப்பார்கள். அதனால் உங்களைப் பற்றிச் சொல்லும்போது, “பால் குடித்தால் வயிறு உப்பும், பேதியாகும், தடிப்போ வீக்கமோ வந்ததில்லை” என்று நடப்பதை அப்படியே சொல்லுங்கள். மெட்ஃபார்மினுக்கும் அதேதான். 850ல் வயிற்றுப்போக்கு வந்தது என்று எழுதச் சொல்லுங்கள், அலர்ஜி என்று எழுத வேண்டாம்.

பேரனுக்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். அவனுடைய பதிவில் பால் புரத அலர்ஜி என்பது தெளிவாக இருக்கிறதா என்று மகளை ஹெல்த்ஹப்பில் பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் அடுத்த முறை மருத்துவரிடம் சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். உதடு வீக்கத்தோடு இளைப்போ திரும்பத் திரும்ப வாந்தியோ துவண்டுபோவதோ இருந்தால், அட்ரினலின் பேனா ஊசி கொடுத்திருந்தால் அதைப் போட்டுவிட்டு உடனே 995ஐக் கூப்பிடுங்கள். அந்த ஊசி இன்னும் கொடுக்கவில்லை என்றால், தேவையா என்று அவனுடைய அலர்ஜி மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். பாலர் பள்ளி ஆசிரியருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும், அங்கேயும் யாராவது நல்ல எண்ணத்தில் லாக்டோஸ் இல்லாத பாலை நீட்டிவிடலாம்.